என் கற்பனை ஊரில் யாரும் எங்கேயும் போய்விட முடிகிறது: வெண்கரை பற்றி உதவி வேண்டும்

கரையோரன்
வணக்கம். மூன்று வருடமாக ஒரு நாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஊர் பெயர் வெண்கரை, முழுக்கக் கற்பனை. ஆறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. வடமேற்கில் ஒரு மேடு, அதில் பணக்காரர் வீடுகள். கிழக்கே படகுத்துறை, அதை ஒட்டிக் குடிசைப் பகுதி. மொத்தம் 60,000 பேர். மின்சாரம் வராத காலம். மாட்டு வண்டி, குதிரை வண்டி, தோணி, இவைதான் போக்குவரத்து.

கதை இதுதான். படகுத்துறைக் குடிசையில் இருக்கும் பவளத்தின் தம்பி காணாமல் போகிறான். அவனை மேட்டில் ஒரு மாளிகையில் அடைத்து வைத்திருக்கிறார்கள். பவளம் அதைக் கண்டுபிடித்து, ஒரே இரவில் அவனை வெளியே கொண்டுவர வேண்டும். நான் எழுதி வைத்திருப்பதில், அந்த வீட்டு வேலைக்காரி வந்து ரகசியம் சொல்கிறாள், பவளம் மதில் ஏறிக் குதிக்கிறாள், சாக்கடைச் சுரங்கம் வழியாக இருவரும் தப்பிக்கிறார்கள்.

படித்த நண்பர் ஒருவர் சொன்னார்: "இதைத் தூக்கி ஒரு தீவில் வைத்தாலும், ஒரு கோட்டையில் வைத்தாலும் ஒரு வரி மாறாது." சுருக்கென்று தைத்துவிட்டது. வீதிப் பெயர்கள், கோபுரங்கள் என்று 40 பக்கம் ஊரை வர்ணித்திருக்கிறேன், அதை இங்கே இணைத்திருக்கிறேன். ஆனால் கதை நகர அந்த ஊர் தேவைப்படவில்லை. எங்கே கை வைப்பது?

நிலாமுற்றம்
வரைபடம் போடுவது எனக்குப் பிடித்த வேலை, அதனால் நானே முதலில் வருகிறேன். மேடு பணக்காரருக்கு, பள்ளம் ஏழைக்கு, குடிசைகள் ஊர் எல்லையில். இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கூடவே காற்றுத் திசையையும் முடிவு செய்துவிடுங்கள். ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். புகையும் நாற்றமும் கிழக்கே போகும், கிழக்குப் பகுதி ஏழைகளுக்கு என்று ஆகிவிட்டது. லண்டனைப் பாருங்கள். உங்கள் மேடு வடமேற்கில் இருப்பது அந்த வகையில் சரிதான். குடிசைகளை மட்டும் துறையிலிருந்து தள்ளி எல்லைக்குக் கொண்டுபோங்கள்.

துரை77
எந்த விளையாட்டு இது சார்? நானும் நகரம் கட்டும் விளையாட்டு ஒன்று ஆடுகிறேன். 50,000 மக்கள்தொகை தாண்டியதும் ஊரே நாறுகிறது. குப்பை வண்டிகள் எல்லாம் ஒரே பாலத்தில் வரிசை கட்டி நிற்கின்றன. வண்டி எண்ணிக்கையை இரண்டு மடங்கு ஆக்கினேன், வரிசைதான் இரண்டு மடங்கு ஆனது. உங்களுக்கும் இதே பிரச்சினையா?

கரையோரன்
விளையாட்டு இல்லை துரை, நாவல். இருந்தாலும் நன்றி.

சாய்மானம்
முப்பது வருடம் வடிகால் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். நாவல் எழுதத் தெரியாது, படிப்பேன். நீங்கள் அனுப்பியதில் ஒன்றுதான் எனக்கு உறுத்தியது. 60,000 பேர் காலையில் எங்கே போகிறார்கள்? அது அப்புறம் எங்கே போகிறது? 40 பக்கத்தில் ஒரு வரி கூட இல்லையே.

சிரிக்க வேண்டாம். ஒரு ஊரின் மற்ற எல்லாவற்றையும் நாளைக்குத் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போட முடியாது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். மலமும் சிறுநீருமாக ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்குப் பக்கம் வரும். எல்லாமே வாளிக்கு வந்து சேராது, ஆகவே ஒன்றேகால் என்று வைப்போம். 60,000 பேருக்கு 75,000 லிட்டர். உங்கள் காலத்தில் அது வண்டியில்தான் போயாக வேண்டும். இரட்டை மாடு பூட்டிய பீப்பாய் வண்டி 600 லிட்டர் கொள்ளும் என்றால், தினமும் 125 நடை. யாரும் பகலில் இதைத் தெருவில் விடமாட்டார்கள். இரவு 10 மணிக்கு மேல், விடியற்காலை 5 மணிக்குள் என்று ஊரில் ஒரு சட்டம் இருக்கும். ஒரு வண்டி ஓர் இரவில் இரண்டு நடை அடிக்கலாம். ஆக 63 வண்டி, 63 வண்டிக்காரர், கூடவே வாளி தூக்க ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் ஆள்.

இப்போது உங்கள் ஊரைப் பாருங்கள். இரவில் மேட்டுக்குப் போக உரிமை உள்ள ஏழைகள் 126 பேர் கிடைத்துவிட்டார்கள். அவர்களுக்காகவே மாளிகைகளின் பின்னால் ஒரு சந்து ஓட வேண்டும், ஏனென்றால் முன்வாசல் வழியாக வாளி போகாது. அந்தச் சந்துக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் இடுப்புயரத்தில் ஒரு சின்னக் கதவு இருக்கும். காவலன் அந்த வண்டியை நிறுத்திச் சோதிப்பானா? பீப்பாய் மூடியைத் திறந்து பார்ப்பானா? மூக்கைப் பொத்திக்கொண்டு போ போ என்பான்.

பவளம் மதில் ஏற வேண்டிய அவசியமே இல்லை.

யாழ்நங்கை
இதைப் படித்ததும் வயிற்றைப் புரட்டியது, ஆனாலும் இரண்டு முறை படித்தேன். கரையோரன், உங்கள் கதை இந்தச் சந்துக்குள்தான் இருக்கிறது.

நிலாமுற்றம்
அருமை ஐயா. ஆனால் கழிவு வண்டிகளும் குடிசைகளும் எல்லையில்தானே இருக்கும்? நான் சொன்னதும் அதுதானே.

சாய்மானம்
கொட்டும் இடம் எல்லைக்கு வெளியே, ஆற்றின் கீழ்ப்போக்கில். அது சரி. குடிசைகள் எல்லையில் என்பதுதான் இந்தக் காலத்துக்குப் பொருந்தாது. துறையில் மூட்டை தூக்குபவனுக்கு மாதச் சம்பளம் கிடையாது. விடியற்காலை வாசலில் கூட்டமாக நிற்பார்கள், மேஸ்திரி வந்து கை காட்டி ஆள் எடுப்பான். தாமதமாக வந்தவனுக்கு அன்றைக்கு அடுப்பு எரியாது. அவன் எப்படி ஒரு மணி நேர நடைக்கு அப்பால் குடியிருப்பான்? மனிதர்கள் பொதுவாக ஒரு வழிக்கு அரை மணி நேரப் பயணத்தைத்தான் சகித்துக்கொள்கிறார்கள். நடந்தே போகும் ஊரில் அது இரண்டரைக் கிலோமீட்டர், அவ்வளவுதான். குதிரை டிராம் ஓடினாலும், போக வரக் கட்டணம் நாள் கூலியில் கால் பங்கு ஆகிறது என்றால் அவன் ஏறமாட்டான். அதனால் ஏழை வேலைக்குப் பக்கத்தில், எவ்வளவு நெரிசலானாலும், ஒட்டிக்கொண்டிருப்பான். வண்டி வைத்திருப்பவன்தான் தூரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். கட்டணம் மலிந்தால், அல்லது இடித்துத் துரத்தினால், குடிசை எல்லைக்கு நகரும்.

மேடு பணக்காரருக்கு என்பதும் பாதிதான் உண்மை. மேட்டுக்குத் தண்ணீர் யார் ஏற்றுவது? ஒரு குடம் 15 கிலோ. வேலைக்காரரோ பம்போ இருந்தால் மேடு சுகம், இல்லாவிட்டால் தண்டனை. கொலம்பியாவில் மெடெயின் நகரில் ஏழைகள் பலர் செங்குத்தான மலைச்சரிவில் இருக்கிறார்கள். 2004-ல் அங்கே கம்பிவடத்தில் தொங்கும் பெட்டிகளைப் பொதுப் போக்குவரத்தாக விட்டார்கள், மலையில் இருப்பவர்கள் கீழே மெட்ரோவுக்கு வந்து சேர. கரையோரனின் மேட்டில் 40 பேர் தண்ணீர் சுமக்கிறார்கள் என்று எழுதினால்தான் அந்த மாளிகைகள் நம்பும்படி இருக்கும்.

நிலாமுற்றம்
சரி, எல்லையைப் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். காற்றை விடமாட்டேன்.

கரையோரன்
ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒரு கேள்வி. வண்டி இருக்கட்டும், சுரங்கத்தையும் வைத்துக்கொள்ளலாமா? துரத்தல் காட்சி 12 பக்கம் எழுதிவிட்டேன். நன்றாக வந்திருக்கிறது.

சாய்மானம்
இரண்டும் ஒரே இடத்தில் இருக்காது தம்பி. சாக்கடை என்பது தண்ணீர் வேலை. குழாய்க்குள் ஓட்டம் வினாடிக்கு 60 சென்டிமீட்டர் அளவுக்காவது இருந்தால்தான் மண்ணும் கசடும் அடியில் படியாமல் அடித்துக்கொண்டு போகும். அதற்குச் சரிவு வேண்டும், வீட்டு வீட்டுக்கு நிறையத் தண்ணீர் வேண்டும். குடத்தில் சுமக்கும் ஊரில் ஆள் நடக்கிற உயரத்துக்குச் சுரங்கம் கட்டி வைத்தால் ஒரே வருடத்தில் கசடு முழங்காலைத் தாண்டும். மழைநீருக்கு என்று பழைய வடிகால் இருக்கலாம், லண்டனில் அப்படித்தான் இருந்தது. வீட்டுக் கழிவை அதில் விடுவது 1815 வரை அங்கே தடை.

துரத்தல் வேண்டுமென்றால் வடிகாலில் வையுங்கள். ஆனால் அதன் ஆபத்தும் வர வேண்டும். ஆள் பின்னால் ஓடிவருவது அங்கே பெரிய ஆபத்து இல்லை. தேங்கிய கசடைக் காலால் கிளறினால் அழுகிய முட்டை நாற்றத்தோடு வாயு கிளம்பும், ஹைட்ரஜன் சல்பைடு. நாற்றம் அடிக்கிற வரை ஓரளவு தேவலை. அடர்த்தி கூடினால் மூக்கு மரத்துப்போகும். "அப்பா, நாற்றம் போய்விட்டது" என்று யாராவது நிம்மதியாகச் சொன்னால், அந்த நொடியே வெளியே இழுக்க வேண்டும். அப்புறம் மழை. தலைக்கு மேல் ஒரு துளி விழாமல் இருக்கும், மேட்டில் பெய்த மழை சில நிமிடங்களில் வந்து முட்டும். இது தெரிந்த எவனும் மாடியில் இருந்து வானத்தைப் பார்க்காமல் உள்ளே இறங்கமாட்டான்.

உங்கள் 12 பக்கத்தில் அவர்கள் நின்று பேசுகிறார்களா?

கரையோரன்
...நான்கு பக்கம் பேசுகிறார்கள்.

செங்கல்
இந்த இழையைக் காலையிலிருந்து படிக்கிறேன். ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், கொஞ்சம் கோபத்தோடுதான். நான் அப்படிப்பட்ட ஓர் இடத்தில் பிறந்து வளர்ந்தவள். எழுதுகிறவர்கள் குடிசைப் பகுதி என்றால் சேறு, நாற்றம், அழுகை, குடிகாரன் என்று நான்கு வரியில் முடித்துவிடுகிறீர்கள். எங்களுடையது ஊரிலேயே கெடுபிடியான ஒழுங்கு உள்ள இடம். 30 குடும்பத்துக்கு இரண்டு கக்கூஸ். சாவி யாரிடம் என்பதுதான் அரசியல். எங்கள் வரிசையில் சாவி ஒரு பாட்டியிடம் இருந்தது. அவருக்குக் கணவரும் இல்லை, பணமும் இல்லை, ஆனால் கல்யாணப் பேச்சு முதல் கடன் தகராறு வரை அவர் சொல்தான் முடிவு. என் அம்மா அவரோடு ஒருமுறை சண்டை போட்டுவிட்டு ஒரு மாதம் நான்கு மணிக்கு எழுந்து இருட்டில் நடந்து போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. தனியாகப் போகப் பயம்.

பெண்களுக்கு அந்த நேரம்தான் செய்தி பரிமாறும் நேரமும். யார் வீட்டில் யார் இல்லை, யார் கர்ப்பம், எந்த வீட்டில் அடி விழுந்தது, எல்லாம் அந்த இருட்டு நடையில்தான் தெரியவரும். உங்கள் பவளத்துக்கு ரகசியம் சொல்ல ஒரு வேலைக்காரி ஏன் மேட்டிலிருந்து இறங்கி வர வேண்டும்?

யாழ்நங்கை
இதற்கு நான் ஒன்றும் சேர்க்கப் போவதில்லை. கரையோரன், அந்தப் பாட்டியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சாய்மானம்
செங்கல் அம்மா சொல்வது ரொம்பச் சரி. நான் வண்டியை எண்ணினேன், வரிசையை மறந்துவிட்டேன்.

அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. ஜப்பானில் பழைய எடோ காலத்தில் இந்தக் கழிவு உரமாக விலைபோனது. விவசாயிகள் வந்து பணமோ காய்கறியோ கொடுத்து எடுத்துப்போவார்கள். ஒசாகாவில் வாடகை வீட்டின் மலம் வீட்டுக்காரருக்குச் சொந்தம், சிறுநீர் குடியிருப்பவருக்குச் சொந்தம் என்று உரிமை கூடப் பிரிந்திருந்தது. குடியிருப்பவர் எண்ணிக்கை குறைந்தால் வீட்டுக்காரருக்கு வருமானம் குறையும். அதாவது, எந்த வீட்டில் எத்தனை பேர் என்பதை வாளி சொல்லிவிடும்.

உங்கள் வெண்கரையிலும் விலை இருக்கட்டும். அப்போது வண்டிக்காரன் வீடு வீடாக அளவு குறித்தாக வேண்டும், அதை உரமாக விற்கும் குத்தகைதாரன் கேட்பான். சரி, மேட்டில் ஒரு மாளிகை ஆறு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. வெளிச்சம் இல்லை, காவலன் ஒருவன் மட்டும். அவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் சொச்சம் வர வேண்டும். பத்து நாளாக இரண்டரை வருகிறது.

கரையோரன்
ஐயா!!

யாழ்நங்கை
எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. வாளி தூக்குகிற ஆள் பவளத்தின் தெருக்காரர். அவர் மனைவி நான்கு மணி நடையில் சொல்கிறாள், "பூட்டின வீட்டில் இரண்டு ஆள் அளவு வருதாம்." அவ்வளவுதான், யாரும் யாருக்கும் ரகசியம் சொல்லவில்லை. சும்மா வம்பு பேசினார்கள்.

நிலாமுற்றம்
தண்ணீரையும் இப்படிப் பயன்படுத்தலாம். ஒரே தெருவின் இரண்டு பக்கமும் இரண்டு நிர்வாகம் என்று வையுங்கள். 1892-ல் ஹாம்பர்கில் காலரா வந்து சில வாரங்களில் 8,000 பேருக்கு மேல் செத்தார்கள். எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் குழாயில் விட்டார்கள். ஒட்டியே இருந்த ஆல்டோனா ஊர் ஆற்றின் கீழ்ப்போக்கில், ஹாம்பர்கின் கழிவு கலந்த பிறகு, தண்ணீர் எடுத்தது. ஆனால் மணல் படுகையில் மெதுவாக வடிகட்டியது. நோய் அங்கே பெரிதாகப் பரவவில்லை. இரண்டு ஊருக்கும் நடுவில் ஓடிய தெருவில் ஒரு பக்கம் சாவு, மறு பக்கம் பெரும்பாலும் பிழைப்பு. இதற்கு மேல் என்ன கதை வேண்டும்?

செங்கல்
அப்படி ஒரு தெருவில் மறு பக்கத்துக்காரர்கள் தண்ணீர் கொடுத்திருப்பார்களா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

சாய்மானம்
கொடுத்தார்களோ இல்லையோ, கரையோரன் அதை இந்த நாவலில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. காலரா தனி நாவல். ஆனால் இன்னொரு வழியில் தண்ணீர் வரலாம். மேட்டுக்காரர்கள் பம்பு வைத்துத் தண்ணீர்க் குழாய் போட்டுக்கொள்ளப் பார்க்கிறார்கள், தண்ணீர் ஊற்றும் கக்கூஸ் வரப்போகிறது. லண்டனில் நடந்தது அதுதான். வீடுகளுக்குள் அது பெருகியது, கழிவுக் குழிகளை வடிகாலோடு இணைக்க அனுமதித்தார்கள், பிறகு கட்டாயமே ஆக்கினார்கள். வீட்டு நாற்றம் போய்விட்டது, ஆறு சாக்கடையானது. 1858 கோடையில் ஆற்றங்கரையில் இருந்த நாடாளுமன்றத்திலேயே உட்கார முடியவில்லை, திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் கலவையில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். அதுவரை ஆற்றை அள்ளிக் குடித்த ஏழைகளுக்காக யாரும் இவ்வளவு அவசரப்படவில்லை.

வெண்கரையில் அந்தக் குழாய் வந்தால் மேட்டுக் கழிவு ஆற்றில் விழும், அதற்குக் கீழே துறையில் பவளத்தின் தெரு தண்ணீர் மொள்ளும். அதோடு 126 பேருக்கு வேலை போகும், உரம் விற்கும் குத்தகைதாரனுக்கு வருமானம் போகும். தம்பியை ஏன் அடைத்து வைத்தார்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. அவன் குழாய்த் திட்டத்தின் எழுத்தராக இருந்து, கழிவு எங்கே விழப்போகிறது என்ற வரைபடத்தைப் பார்த்திருந்தால்?

கரையோரன்
இப்போது வரை அவன் ஒரு கணக்குப்பிள்ளை, ஏதோ ஒரு ஊழல், அவ்வளவுதான் யோசித்திருந்தேன். வரைபடம் ரொம்பப் பொருந்துகிறது. ஒரே தயக்கம், குத்தகைதாரன் அப்போது பவளத்தின் பக்கம் வந்துவிடுவானே? அவன்தான் எனக்கு வில்லன்.

யாழ்நங்கை
வரட்டுமே. கூலியில் பாதியைப் பிடித்துக்கொள்ளும் ஆள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பவளத்தின் பக்கம். தன் பிழைப்புக்காகத்தான். அப்படிப்பட்டவனோடு கைகோர்ப்பதுதான் அவளுக்குச் சங்கடம்.

செங்கல்
எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த வாளியை யாரும் தூக்கக்கூடாது என்பதும் ஒரு நியாயம். குழாய் வந்தால் கெட்டது, வண்டி இருந்தால் நல்லது என்று கதை சாய்ந்துவிடக்கூடாது. வாளிக்காரரின் மகன் "குழாய் வரட்டும், நான் இதைத் தூக்கமாட்டேன்" என்று சொல்ல வேண்டும்.

சாய்மானம்
அதை நான் மறுக்கமாட்டேன். குழாயும் வேண்டும், அது விழும் இடமும் ஊருக்குக் கீழே போக வேண்டும். பணம் யார் கொடுப்பது என்பதில்தான் எல்லா ஊரிலும் சண்டை.

கரையோரன்
மூன்று நாள் ஆயிற்று, மன்னிக்கவும். மீட்கும் இரவை மறுபடி எழுதினேன். கொஞ்சம் போடுகிறேன், மாரிதான் வாளி தூக்குகிறவர்:

"சின்னக் கதவு உள்பக்கம் திறந்தது. மாரி வாளியை இழுத்தார். கனம் பார்த்தார். கீழே வைக்காமல் பவளத்தைத் திரும்பிப் பார்த்தார். அவள் முக்காட்டை இறுக்கிக்கொண்டு குனிந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம், மண்ணில் பதிந்த ஒரு கால். அந்தக் கட்டைவிரலில் அரிவாள் பட்ட பழைய தழும்பு. வெண்கரையில் கழிவு வண்டிகளுக்கான சட்டம் அறுபது ஆண்டுகளுக்கு முன் நகரசபையால் இயற்றப்பட்டபோது, பின்சந்துகளின் அகலம் எட்டடி என்று நிர்ணயிக்கப்பட்டிருந்தது..."

யாழ்நங்கை
தழும்பு வரை ஒரு சொல்லையும் தொடாதீர்கள். வாளியின் கனத்தைக் கை பார்ப்பதிலேயே எல்லாம் வந்துவிட்டது. அடுத்த வரியில் நகரசபை வந்து உட்கார்ந்துகொள்கிறது. சந்து எட்டடி என்பது, எதிரே இன்னொரு வண்டி வந்து இரண்டும் ஒதுங்க முடியாமல் நிற்கும்போது தானாகத் தெரியும்.

கரையோரன்
வெட்டிவிட்டேன். வலித்தது.

துரை77
நாவல் என்று தெரிந்த பிறகும் தொடர்ந்து படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இரவு நேரக் கணக்கை யாராவது சரிபார்த்தீர்களா? எனக்கு இதில் ஒரு சந்தேகம்.

மேட்டில் ஒரு மாளிகைக்கு வேலைக்காரரோடு 15 பேர் என்று வைத்தால் கிட்டத்தட்ட 19 லிட்டர். 600 லிட்டர் பீப்பாய் நிரம்ப 32 வீடு. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும், வீட்டுக்கு மூன்று நிமிடம் என்றால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். கொட்டும் இடம் மூன்று கிலோமீட்டர் என்று முந்தைய அத்தியாயத்தில் இருக்கிறது. மாட்டு வண்டிக்கு அது முக்கால் மணி நேரம். கொட்டிக் கழுவக் கால் மணி நேரம், திரும்பி வர இன்னொரு முக்கால். ஒரு நடைக்கு மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. 10 மணிக்குத் தொடங்கினால் இரண்டாவது நடைக்கு 1:20-க்கு மேட்டில் இருப்பார்கள், 2:55-க்குப் பீப்பாய் நிரம்பும், 3:40-க்குக் கொட்டும் இடம். 5 மணிக்கு முன்னால் நிறையவே நேரம் இருக்கிறது. ஆபத்தே இல்லையே?

ஆனால் கிழக்கு வாசல் ஒன்றுதான். எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன, ஒரே நேரத்தில் நிரம்புகின்றன. வாசலில் குத்தகைதாரன் ஆள் ஒவ்வொரு வண்டிக்கும் அளவு குறிக்கிறான், வண்டிக்கு ஒரு நிமிடம் என்றாலும் 63 வண்டிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். என் விளையாட்டுப் பாலம் மாதிரியேதான். மேட்டு வண்டிகள் தூரத்திலிருந்து வருவதால் வரிசையின் கடைசியில்தான் நிற்கும்.

சாய்மானம்
துரை சார், இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்? இதை நான் பார்க்கவே இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. அளவு குறிப்பவன் எப்படி அளப்பான்? மூடியைத் திறந்து கோல் விடுவான்.

கரையோரன்
அப்படியானால் தம்பியைப் பீப்பாய்க்குள் வைக்க முடியாது.

சாய்மானம்
காலிப் பீப்பாயிலும் வைக்கக்கூடாது. நான் மேலே சொன்ன வாயுதான், மூடிய பீப்பாயில் நெடுநேரம் தாங்கமாட்டான். வாளி தூக்கும் ஆளாக வேடம் போட்டு வண்டியோடு நடக்கட்டும். வண்டிக்கு இரண்டு பேர்தான் கணக்கு. அப்போது மாரி மேட்டிலேயே தங்கிவிட வேண்டும்.

செங்கல்
பவளமும் இருக்கிறாளே, மூன்று பேர் ஆகிவிடும். அவள் எப்படி இறங்குவாள்?

நிலாமுற்றம்
முன் வீதி வழியாக? விடிந்ததும் தண்ணீர் சுமக்கிற 40 பேர் மேடு ஏறுவார்களே. காலிக் குடத்தோடு இறங்குகிறவளை யார் கேட்பார்கள்?

செங்கல்
குடம் யாருடையது? எங்கள் இடத்தில் ஒவ்வொரு குடத்துக்கும் அடையாளம் உண்டு, தொலைந்தால் ஊரே தேடும்.

கரையோரன்
அந்தப் பாட்டியுடையது. சாவி வைத்திருக்கிறவர். ஆனால் கேட்டால் அவர் கொடுப்பாரா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் பவளம் அவரோடு சண்டை போட்டுவிட்டாள், நேற்றுதான் எழுதினேன்.